சாப்பிடாத நாளில் ஊசி எதற்கு?

“இன்று விரதம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு இன்சுலின் ஊசி எதற்கு?” நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரின் கணக்கு எளிமையானது. உண்டால் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரையை இறக்க இன்சுலின் தேவைப்படுகிறது. உணவே இல்லாதபோது இறக்குவதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கணக்கில் பாதி சரி. எஞ்சிய பாதியைக் கவனிக்காமல் விட்டதால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உண்ணாத நாளில் இன்சுலினின் வேலை குறைகிறது. ஆனால் ஒருபோதும் நிற்பதில்லை. அன்று அது செய்யும் முதன்மையான வேலை, கொழுப்பு அளவுக்கு மீறிக் கரையாமல் காப்பதாகும். கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் என்னும் எரிபொருள், இன்சுலின் உள்ள உடலுக்குத் துணையாகவும், இன்சுலின் அற்ற உடலுக்கு நஞ்சாகவும் அமைகிறது. இதைப் புரிந்துகொள்ள, ஒரு விரத நாளில் உடலுக்குள் நடப்பதை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பதே நல்ல வழி.

தசமி நண்பகல் முதல் துவாதசி காலை வரை

வைகுண்ட ஏகாதசி விரதத்தை எடுத்துக்கொள்வோம். தசமியன்று நண்பகல் ஒரு மணிக்கு உணவு உண்டுவிட்டு, ஏகாதசி முழுவதும் நீர் மட்டும் அருந்தி, துவாதசி காலை ஏழு மணிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பாரணை செய்பவர், 42 மணி நேரம் உணவின்றி இருக்கிறார். இவர் 70 கிலோ எடையுள்ள, நீரிழிவு முதலிய நோய்கள் இல்லாத, நாற்பது வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

உண்ட உணவின் சர்க்கரை மாலைக்குள் பெரும்பாலும் பயன்பட்டுவிடுகிறது. அதன்பின் கல்லீரல் தன் கையிருப்பைத் திறக்கிறது. நல்ல உணவுக்குப் பின் கல்லீரலில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் வரை கிளைக்கோஜன் சேமிக்கப்பட்டிருக்கும். அதனைச் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுவதால்தான், இரவெல்லாம் உறங்கி எழுந்தவருக்கும் ரத்தச் சர்க்கரை இயல்பு நிலையில் இருக்கிறது. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸைச் செலவிடுகிறது. ஆகவே கல்லீரலின் கையிருப்பு ஏறத்தாழ ஒரு நாளைக்கே போதுமானது. தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு. எனினும் அதனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு அனுப்பும் நொதி தசைகளில் இல்லை. தசையின் சேமிப்பு தசைக்கே.

உடலிலுள்ள பெரிய சேமிப்பு கொழுப்புதான். நாம் சொல்லும் இந்த மனிதரிடம் பத்துக் கிலோவுக்குக் குறையாத கொழுப்பு இருக்கும். பல வாரங்களுக்குப் போதுமான எரிபொருள் அது. அப்படியிருக்க, கல்லீரலின் கையிருப்பு தீர்ந்தால் என்ன கவலை என்று தோன்றலாம். கவலை மூளையைப் பற்றியது. கொழுப்பு கரைந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் அல்புமின் என்னும் புரதத்தின் மீது ஏறியே பயணிக்கின்றன. மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து அவை போதிய அளவில் உள்ளே செல்வதில்லை. இதயமும் தசையும் கொழுப்பு அமிலத்தை எரித்துக்கொள்ளும். மூளையால் அது இயலாது.

இந்நிலையில் மூளைக்கான குளுக்கோஸை உடல் வேறு பொருள்களிலிருந்து உருவாக்கியாக வேண்டும். அவற்றுள் முதன்மையானது தசைப் புரதம். கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றும் வழி மனித உடலில் கிடையாது. கொழுப்பு மூலக்கூறின் சிறு பகுதியான கிளிசரால் மட்டுமே அதற்கு உதவும். உண்ணாநிலையின் தொடக்க நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் புரதம் இவ்வாறு கரைகிறது. தசையில் பெரும்பகுதி நீர் என்பதால், 75 கிராம் புரதம் என்பது ஏறத்தாழ கால் முதல் அரைக் கிலோ வரையிலான தசைக்குச் சமம். இது இப்படியே தொடர்ந்தால் சில வாரங்களில் நடக்கவும், இருமவும், மூச்சை இழுத்து விடவும் வலிமை இராது.

இந்தச் சிக்கலுக்குக் கல்லீரல் கண்ட வழிதான் கீட்டோன். உணவு நின்றதும் இன்சுலின் குறைகிறது. அதற்கு எதிராக இயங்கும் குளுக்ககான் கூடுகிறது. இன்சுலின் குறைந்ததும் கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. அவை கல்லீரலை அடைந்து, அதன் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் எரிபொருள் உலைக்குள் நுழைகின்றன. அங்கே ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் இரண்டிரண்டு கார்பன் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. இத்துண்டுகளுக்கு அசிட்டைல் கோ-ஏ என்று பெயர். கல்லீரல் தன் தேவைக்கு வேண்டியதை எரித்துக்கொண்டபின், எஞ்சிய துண்டுகளை இணைத்து அசிட்டோ அசிட்டேட் என்னும் பொருளை உண்டாக்குகிறது. அதன் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் மற்றொரு பொருளாக மாறுகிறது. சிறு பகுதி தானாகவே உடைந்து அசிட்டோனாகி மூச்சுக் காற்றில் வெளியேறுகிறது. நீண்ட விரதம் இருப்பவரின் மூச்சில் பழவாடை போன்ற ஒரு வாடை வருவது இதனால்தான். இம்மூன்றையும் சேர்த்தே கீட்டோன்கள் என்கிறோம்.

முதலிரண்டும் நீரில் கரைபவை, உருவில் சிறியவை. அல்புமினின் துணை அவற்றுக்கு வேண்டாம். மூளையின் தடுப்பில் அவற்றைக் கடத்திச் செல்வதற்கென்றே புரத வாயில்களும் உள்ளன. கொழுப்பை மூளை ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவதே கல்லீரல் செய்யும் இந்தப் பணி.

நம் விரதக்காரரின் ரத்தத்தில், தசமி இரவு கீட்டோன் அளவு லிட்டருக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமோல் என்னும் சிறு அளவில் இருக்கும். ஏகாதசி மாலைக்குள் அது அரை மில்லிமோலைத் தாண்டலாம். துவாதசி காலையில் 1 முதல் 2 மில்லிமோல் வரை இருப்பது இயல்பே. ஆளுக்கு ஆள் இது வேறுபடும். மெலிந்தவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் விரைவில் கூடும். அன்று காலை சிறுநீரைச் சோதித்தால் ‘கீட்டோன் உள்ளது’ என்று அறிக்கை வரும். நீரிழிவு இல்லாத, கருவுறாத, நலமாக உள்ள ஒருவருக்கு அந்த ஒரு வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உடல் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது என்பதே அதன் பொருள். பாரணை முடிந்து உணவு உள்ளே சென்றதும் இன்சுலின் எழும். சில மணி நேரத்தில் கீட்டோன் அடங்கிவிடும்.

எந்த உறுப்பு ஏற்கிறது, எது ஏற்பதில்லை

கீட்டோனை உருவாக்கும் கல்லீரலால் அதனை எரிபொருளாகப் பயன்படுத்த இயலாது. அசிட்டோ அசிட்டேட்டை மீண்டும் எரியத்தக்க துண்டுகளாக மாற்றுவதற்கு ஒரு குறிப்பிட்ட நொதி தேவை. கல்லீரல் செல்களில் அந்த நொதி இல்லை. இது ஒரு குறைபாடு அன்று. சமைத்தவரே உண்டுவிட்டால் பந்தியில் அமர்ந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. கல்லீரலால் பயன்படுத்த இயலாமையால்தான் கீட்டோன் முழுவதும் மற்ற உறுப்புகளுக்குச் செல்கிறது.

ரத்தச் சிவப்பணுக்களும் கீட்டோனை ஏற்பதில்லை. அவற்றில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. எரிப்பதற்கான உலையே இல்லாத இடத்தில் கீட்டோனுக்கு வேலையில்லை. எத்தனை நாள் உணவில்லாமல் இருந்தாலும் அவை குளுக்கோஸை மட்டுமே நம்பியிருக்கின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதியும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே, ‘சில நாள் விரதம் இருந்தால் உடலுக்குச் சர்க்கரையே தேவைப்படாது’ என்று சிலர் கூறுவது உண்மையன்று. தேவை குறையும், அற்றுப்போகாது. அந்தக் குறைந்த அளவைக் கல்லீரலும் சிறுநீரகமும் கடைசிவரை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன.

கீட்டோனை ஏற்பவற்றுள் இதயத் தசை, உடல் தசைகள், சிறுநீரகத்தின் வெளிப்பகுதி, மூளை ஆகியவை முக்கியமானவை. உண்ணாநிலையின் முதல் சில நாட்களில் உடல் தசைகளே கீட்டோனில் பெரும்பங்கைப் பெறுகின்றன. நாட்கள் செல்லச் செல்லத் தசைகள் கொழுப்பு அமிலத்தையே நேரடியாக எரிக்கத் தலைப்படுகின்றன. கீட்டோன் எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அதனால் ரத்தத்தில் கீட்டோன் அளவு மேலும் உயர்கிறது. மூளை எவ்வளவு கீட்டோனை எடுக்கிறது என்பது ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனவே தசை விட்டுக்கொடுப்பது மூளைக்குச் சென்று சேர்கிறது.

மூளை கீட்டோனில் இயங்கும் என்பதை மனிதரிடம் நேரடியாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஆலிவர் ஓவன், ஜார்ஜ் கேஹில் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் ஆவர். உடல் பருமன் மிகுந்த மூன்று பேர் மருத்துவக் கண்காணிப்பில் ஐந்து முதல் ஆறு வாரங்கள் உணவின்றி இருந்தபின், மூளைக்குள் செல்லும் ரத்தத்தையும் மூளையிலிருந்து கழுத்துச் சிரை வழியாக வெளிவரும் ரத்தத்தையும் எடுத்து அவர்கள் ஒப்பிட்டனர். உள்ளே சென்றதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேறுபாடே மூளை எரித்த அளவு. குளுக்கோஸைக் காட்டிலும் கீட்டோனே மூளையின் முதன்மை எரிபொருளாக மாறியிருந்ததை 1967-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். மூளையின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கீட்டோன் நிறைவு செய்தது. அவ்வாறு மூளையின் குளுக்கோஸ் தேவை குறைந்ததனால், முதலில் நாளொன்றுக்கு 75 கிராமாக இருந்த புரத இழப்பு வாரக்கணக்கான உண்ணாநிலையில் 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கீட்டோன் காப்பாற்றுவது மூளையை மட்டுமன்று, தசையையும்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இந்த மாற்றம் வாரக்கணக்கில் நிகழ்வது. 42 மணி நேர ஏகாதசி விரதத்தில் மூளை இன்னும் பெரும்பாலும் குளுக்கோஸிலேயே இயங்குகிறது. கீட்டோன் அப்போது ஒரு துணை எரிபொருள் மட்டுமே. விடியலுக்கு முன் உண்டு, மறைவுக்குப் பின் நோன்பு துறக்கும் ரமலான் நோன்பில், நம் ஊர்களில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரமே இடைவெளி. உடல்நலம் உள்ளவருக்கு அதில் எழும் கீட்டோன் மிகக் குறைவு.

கடிவாளம் யார் கையில்?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நலமாக உள்ளவரின் உடலில், உண்ணாத நாளில் கீட்டோன் ஏன் ஓர் எல்லைக்குள் நிற்கிறது? பல வாரங்கள் உணவின்றி இருந்தவர்களிடம்கூட அது 6, 7 மில்லிமோல் அளவில் நின்றுவிடுகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மை ஆபத்தான எல்லைக்குச் செல்வதில்லை. காரணம், கணையம் அப்போதும் சிறிதளவு இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சிறிதளவு இன்சுலின் இரண்டு இடங்களில் கடிவாளம் பிடிக்கிறது. முதலாவது இடம் கொழுப்புச் செல். அங்கிருந்து எவ்வளவு கொழுப்பு அமிலம் வெளியேறலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது இடம் கல்லீரல். வந்து சேர்ந்த கொழுப்பு அமிலத்தில் எவ்வளவு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையலாம் என்பதற்கு அங்கே ஒரு வாயில் உண்டு. இன்சுலின் அந்த வாயிலை முழுவதும் திறக்கவிடாமல் காக்கிறது. உணவுக்குப்பின் ஏறிய சர்க்கரையைத் தசைக்குள் செலுத்த நிறைய இன்சுலின் தேவை. கொழுப்பு கரைவதைத் தடுக்க அதில் சிறு பங்கே போதும். ஆனால் அந்தச் சிறு பங்கு இருந்தே ஆக வேண்டும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவரின் கணையம் அந்தச் சிறு பங்கையும் தருவதில்லை. அவர் இரவில் போட்டுக்கொள்ளும் நீண்ட நேர இன்சுலினே அந்தக் கடிவாளம். அதனை ‘அடிப்படை இன்சுலின்’ என்கிறோம். உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலின் வேறு. அது உண்ணும் உணவுக்கானது. உணவு இல்லையெனில் அந்த விரைவு இன்சுலின் வேண்டாம் என்பது சரியே. ‘இரண்டும் ஊசிதானே’ என்று இரண்டையும் சேர்த்து நிறுத்துவதுதான் தவறு.

24 வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளாக முதல் வகை நீரிழிவு. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அடிப்படை இன்சுலின், உணவுக்கு முன் மூன்று வேளை விரைவு இன்சுலின். ஏகாதசி விரதம் இருக்க முடிவு செய்து, தசமி இரவிலிருந்து எல்லா ஊசிகளையும் நிறுத்துகிறார். நவமி இரவு போட்ட ஊசியின் பலன் தசமி இரவோடு மங்கத் தொடங்குகிறது. ஏகாதசி காலையில் ரத்தச் சர்க்கரை 170; விரதத்தில் இது பரவாயில்லை என்று எண்ணுகிறார். நண்பகலில் 250. எதுவும் உண்ணாதபோது ஏன் ஏறுகிறது என்று வீட்டில் வியக்கிறார்கள். ஏறுவது உணவின் சர்க்கரை அன்று; கட்டுப்பாடின்றிக் கல்லீரல் உருவாக்கி வெளியிடும் சர்க்கரை. அது சிறுநீரில் வழிந்து உடலின் நீரையும் உப்பையும் இழுத்துச் செல்கிறது. நீரும் அருந்தாத விரதமாக இருந்தால் வறட்சி இரட்டிப்பாகும்.

மாலையில் குமட்டல், வயிற்றுவலி, வாந்தி. ‘பட்டினி கிடந்ததால் பித்தம்’ என்று குடும்பத்தார் கருதுகிறார்கள். இரவில் மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குகிறது. துவாதசி விடியலில் மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது ரத்தக் கீட்டோன் 6 மில்லிமோல், 7.35-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய ரத்தத்தின் பிஎச் அளவு 7.1. இந்நிலைக்கு நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தன்மை என்று பெயர்.

பாஸ்டனில் ஐந்து வாரம் உணவின்றி இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவு கீட்டோன்தான். அவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள், இவர் ஏன் மூச்சுத் திணறுகிறார்? அவர்களிடம் கீட்டோன் வாரக்கணக்கில் மெல்ல ஏறி, ஆக்கமும் செலவும் சமநிலை அடைந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டது. கூடும் அமிலத்தைச் சிறுநீரகம் ஈடு செய்ய நேரம் கிடைத்தது. இவருக்கோ ஒரே நாளில் கீட்டோன் உறுப்புகள் எரிக்கக்கூடிய வேகத்தைக் கடந்து பெருகியது. நிறுத்த எதுவும் இல்லாததால் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது. கீட்டோன்களில் முதலிரண்டும் அமிலங்கள். ரத்தத்தில் அமிலத்தை ஈடு செய்யும் பைகார்பனேட் தீர்ந்துபோகும்போது, நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியேற்றி நிலைமையைச் சமாளிக்க முயல்கிறது. அதுவே அந்த வேக மூச்சு. ஆகவே கீட்டோனின் எண் மட்டும் பார்த்து ஆபத்தை எடைபோட முடியாது. அந்த உடலில் இன்சுலின் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்சுலின் மருந்தாகக் கிடைப்பதற்கு முன் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர்கள் தந்த சிகிச்சையே ஏறத்தாழ பட்டினிதான். சர்க்கரை இறங்கும், ஆயுள் சிறிது நீளும். ஆனால் குழந்தை எலும்பும் தோலுமாகி மெலியும். கீட்டோன் முற்றிலும் அடங்காது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்குத் தூய்மைப்படுத்திய இன்சுலின் செலுத்தப்பட்டபோது, சிறுநீரில் சர்க்கரை பெருமளவு குறைந்தது, கீட்டோன் மறைந்தது. உணவைக் குறைத்து முழுமையாகச் சாதிக்க முடியாததை இன்சுலின் சாதித்தது. ‘சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு’ என்னும் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்த விடை அது.

சர்க்கரை சரியாக இருந்தும் வரும் ஆபத்து

ஊசி போடாதவர்களிலும் ஒரு பிரிவினர் விழிப்பாக இருக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைகள் இன்று இரண்டாம் வகை நீரிழிவுக்கு மட்டுமன்றி, இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் பரவலாகத் தரப்படுகின்றன, நல்ல மருந்துகள். அவை ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. சர்க்கரை குறைவதால் இன்சுலின் சுரப்பும் குறைகிறது, குளுக்ககான் கூடுகிறது. அதாவது, உண்ணும் நாளிலேயே உடலை ஓரளவு விரத நிலைக்குத் தள்ளும் இயல்பு இம்மருந்துகளுக்கு உண்டு. இதனோடு உண்மையான விரதமும், வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால், கீட்டோன் எல்லை கடந்து போகலாம்.

அப்போது சர்க்கரை சிறுநீரில் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால், வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் 160 அல்லது 180 என்றே காட்டும். நோயாளியும் குடும்பத்தாரும் ‘சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திருப்பார்கள். ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். இத்தகைய கீட்டோன் அமிலத்தன்மை பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே மேற்கூறிய மூன்று மருந்துகளையும் நிறுத்த வேண்டும் என்று 2020-இல் அறிவுறுத்தியது. அறுவை சிகிச்சைக்கு முன் உணவின்றி இருப்பதும் ஒரு விரதமே. எனவே அறுவை அரங்குக்கு அனுப்புமுன் ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று எங்கள் செவிலியர் கேட்கும்போது, மாத்திரை அட்டைகளையே கொண்டுவந்து காட்டிவிடுங்கள்.

எப்படிக் கண்டறிவது?

சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் கீட்டோன் பட்டை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது அசிட்டோ அசிட்டேட்டை மட்டுமே காட்டும். அமிலத்தன்மை முற்றும் நிலையில் கீட்டோனின் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டாக இருக்கும். பட்டை அதைக் காணாது. ஆகவே நிறம் மங்கலாக இருந்தும் நோய் கடுமையாக இருக்கலாம். சிகிச்சை தொடங்கியபின் இது தலைகீழாகும். பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் மீண்டும் அசிட்டோ அசிட்டேட்டாக மாறும்போது பட்டையின் நிறம் அடர்கிறது. நோயாளி தேறிவரும் வேளையில் அறிக்கை மோசமாகத் தோன்றும். விரல் நுனி ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அளக்கும் கருவியே நம்பத்தக்கது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் வீட்டில் அது இருப்பது நல்லது என்பது எங்கள் பரிந்துரை.

நீரிழிவு உள்ள ஒருவருக்கு அந்த அளவு 0.6-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. 1.5-ஐத் தாண்டினால் விரதத்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 3-ஐ எட்டினால் அது அவசர நிலை. கருவி இல்லாதவர்களுக்கு அறிகுறிகளே வழிகாட்டி: தொடர் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, காரணமில்லாத சோர்வும் மயக்கமும். இவை தோன்றினால் குளுக்கோமீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

விரதமே கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது மருத்துவருக்கு எளிது. அவ்வாறு முடிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நம்பிக்கையுள்ள நோயாளி அதன்பிறகும் விரதம் இருப்பார். மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பார். ஊசியைத் தானே நிறுத்திக்கொள்வார். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், அண்மையில் கீட்டோன் அமிலத்தன்மையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், கருவுற்ற நீரிழிவு நோயாளிகளுக்கும் முழு உண்ணாவிரதம் வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. அந்த அறிவுரையைக் காரணத்தோடு சொல்வதும், அதையும் மீறி விரதம் இருப்பவருக்கு எந்த ஊசி தொடர வேண்டும், எது வேண்டாம் என்று எழுதித் தருவதும் மருத்துவரின் கடமை என்று கருதுகிறோம்.

எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உணவின்றி உட்கொண்டால் சர்க்கரை ஆபத்தாகக் குறையும். விரத நாளில் அவற்றை மாற்றியமைக்க வேண்டும். அடிப்படை இன்சுலினின் அளவையும் சிறிது குறைக்க நேரலாம்; ஆனால் முதல் வகை நீரிழிவில் அதனை அறவே நிறுத்தக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் எந்த நேரமாயினும் விரதத்தை முடித்துச் சர்க்கரை கலந்த நீரை அருந்த வேண்டும்.

ஆகவே நாட்காட்டியில் விரத நாளைக் குறித்துவைக்கும்போது, அதற்கு ஒரு வாரம் முன்பாக மருத்துவரைக் காணும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வரும்போது மருந்துச் சீட்டைக் கொண்டுவாருங்கள். ‘இந்த நாளில் நான் உண்ணப்போவதில்லை, எந்த ஊசி, எந்த மாத்திரை, எவ்வளவு?’ என்று கேளுங்கள். அதே சீட்டின் பின்புறத்தில் விடையை எழுதித் தருகிறோம்.